ஆய்வின் நடுவே சேர்க்கைத் தகுதி மாறும்போது: நெறிமுறைக் குழுவிடம் நாங்கள் வைக்கும் விண்ணப்பம்

மருத்துவ ஆய்வுகள் நடைபெறும் துறைகளில் நோயாளிகளின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: “போன வருஷம் இந்த ஆய்வில் அப்பாவைச் சேர்க்க முடியாதுன்னு சொன்னீங்க. இப்போ நீங்களே கூப்பிடுறீங்க. அப்பாவோட இரத்தப் பரிசோதனை அப்படியேதான் இருக்கு. என்ன மாறிச்சு, டாக்டர்?” இது நியாயமான கேள்வி. நோயாளியிடம் எதுவும் மாறவில்லை. ஆய்வின் விதியே மாறியிருக்கிறது. அவ்விதியை யார் மாற்றலாம், எப்படி மாற்றலாம், மாறும்வரை என்ன செய்யலாகாது என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம். இதய நோய்த் துறையைச் சேர்ந்தவர்கள் ஆதலால் எடுத்துக்காட்டுகளையும் அத்துறையிலிருந்தே தருகிறோம்.

ஒவ்வொரு மருத்துவ ஆய்வுக்கும் எழுத்து வடிவில் ஓர் ஆய்வுத் திட்டம் உண்டு. யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது, என்ன மருந்து, எத்தனை பரிசோதனைகள், எப்போது நிறுத்துவது என அனைத்தும் அதில் முன்கூட்டியே வரையறுக்கப்படும். யாரைச் சேர்ப்பது என்று கூறும் பகுதியே சேர்க்கைத் தகுதி. வயது, எக்கோ பரிசோதனையில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காடு, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன், பொட்டாசியம் அளவு முதலியன பொதுவாக அதில் இடம்பெறும்.

இத்தகுதிகளைப் பலர் அலுவலகச் சம்பிரதாயமாகக் கருதுகின்றனர். அவை உண்மையில் இரண்டு பணிகளைச் செய்கின்றன. மருந்தால் தீங்கு நேரக்கூடியவரை வெளியே நிறுத்துவது ஒன்று. ஆய்வின் விடை எத்தகைய நோயாளிக்குப் பொருந்தும் என்று சொல்வது மற்றொன்று. இவ்விரண்டாவது பணி எவ்வளவு கனமானது என்பதை ஒரு பழைய வரலாறு காட்டுகிறது. ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரை கடுமையான இதயச் செயலிழப்பு உடையவர்களில் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கிறது என்று ‘ரேல்ஸ்’ என்னும் ஆய்வு 1999-இல் அறிவித்தது. அந்த ஆய்வில் 1,663 பேர் பங்கேற்றனர். கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களும் பொட்டாசியம் 5.0-க்கு மேல் இருந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. சேர்ந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனைகள் கவனமாகச் செய்யப்பட்டன. முடிவு வெளியானதும் மருத்துவர்கள் அம்மாத்திரையைப் பரவலாக எழுதத் தொடங்கினர். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதயச் செயலிழப்புக்கு மருந்துண்ணும் முதியோரிடையே, பொட்டாசியம் உயர்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தனர். 2001-இல் அது 11.0 ஆயிற்று. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றுவிடவும் கூடும். மாத்திரை அதே மாத்திரைதான். ஆய்வில் இடம்பெற்றவர்களைவிட வயது கூடியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், போதிய இரத்தப் பரிசோதனை இன்றி அது தரப்பட்டது ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது.

ஆகவே, சேர்க்கைத் தகுதியில் ஓர் எண்ணை மாற்றினால் ஆபத்தை ஏற்பவர் யார் என்பதும் மாறுகிறது; ஆய்வின் விடையை யாருக்குப் பயன்படுத்தலாம் என்பதும் மாறுகிறது. அதனால்தான் ஆய்வு நடத்தும் மருத்துவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அந்த எண்ணில் தாமே கைவைக்க முடியாது.

நடுவில் ஏன் மாற்ற வேண்டும்?

தொடக்கத்திலேயே சரியாக எழுதியிருக்கலாமே என்று தோன்றும். பல ஆய்வுகள் மூன்று நான்கு ஆண்டுகள் நடக்கின்றன. அதற்குள் வேறிடங்களில் புதிய உண்மைகள் வெளியாகின்றன. ஒரு பிரிவினருக்கு ஆபத்து என்று நினைத்தது அவ்வளவு ஆபத்தில்லை என்றோ, பாதுகாப்பு என்று நினைத்தது அப்படியில்லை என்றோ தெரியவருகிறது. தகுதி மிகக் குறுகலாக வகுக்கப்பட்டிருந்தால் போதிய நோயாளிகள் சேராமல் ஆய்வு தேங்கிவிடுவதும் உண்டு. பாதியில் நின்றுபோகும் ஆய்வு, சேர்ந்தவர்களின் உழைப்பை விடையின்றி வீணாக்குகிறது.

இதயச் செயலிழப்புக்கு இன்று பரவலாக வழங்கப்படும் சக்குபிட்ரில்–வால்சார்டன் மாத்திரையை நிலைநாட்டிய ‘பாரடைம்–எச்.எஃப்.’ ஆய்விலும் இவ்வாறு நேர்ந்தது. 2009 டிசம்பரில் அது நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. இதயம் வெளியேற்றும் இரத்தம் 40 விழுக்காடோ அதற்குக் குறைவோ உள்ளவர் சேரலாம் என்பது முதல் விதி. 2010 டிசம்பர் 15 நாளிட்ட திருத்தம் அதை 35 விழுக்காடு என்று இறுக்கியது. அதற்குள் 36 முதல் 40 வரை உள்ளோர் பலர் சேர்ந்துவிட்டனர். அவர்கள் வெளியேற்றப்படவில்லை; இறுதிக் கணக்கிலும் இடம்பெற்றனர். 2014-இல் முடிவு வெளியானபோது திருத்தத்தின் நாள் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டது. 35-க்கு மேல் உள்ளோர் தனிப் பிரிவாகவும் காட்டப்பட்டனர். இப்படிப் பதிவு செய்யப்பட்டிருப்பதால், எங்கே எப்போது விதி மாறியது என்பதை எந்த மருத்துவரும் இன்றும் கண்டறியலாம். திருத்தம் செய்தது அந்த ஆய்வுக்கு இழுக்காகவில்லை. திருத்தத்தை மறைத்திருந்தால் ஆகியிருக்கும்.

விண்ணப்பத்தில் என்ன இருக்கும்?

இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்புக்கு ஒரு மாத்திரை. அது பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியது. பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு அதே தோற்றமுடைய மருந்தற்ற மாத்திரையும் தரப்படுகின்றன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சிறுநீரக வடிகட்டும் திறன் 45 அல்லது அதற்கு மேல் உள்ளவரே சேரலாம் என்பது முதல் விதி. 400 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, பதினான்கு மாதங்களில் 110 பேர் மட்டுமே சேர்ந்துள்ளனர். இதயம் தளர்ந்த நம் நோயாளிகளில் பலருக்கு நீரிழிவும் இருப்பதால் சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. அவர்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்கிடையில், அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்தால் 30 வரை உள்ளவர்களுக்கும் இவ்வகை மாத்திரையைப் பாதுகாப்பாகத் தரலாம் என்று வெளி ஆய்வுகள் காட்டியுள்ளன என்று கொள்வோம். ஆய்வுக் குழு 45-ஐ 30 ஆக்க விரும்புகிறது.

விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் பழைய வாசகமும் புதிய வாசகமும் அருகருகே எழுதப்படும். அடுத்து, காரணம். “நோயாளிகள் போதவில்லை” என்பதை மட்டும் காரணமாக எழுதினால் எந்த நல்ல நெறிமுறைக் குழுவும் அதைத் திருப்பி அனுப்பும். அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆள் சேர்ப்பது ஆய்வு நடத்துபவரின் தேவை. 38 என்ற அளவில் சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு அந்தத் தேவைக்காக ஆபத்தைக் கூட்டக் கூடாது. அவருக்கு இந்த ஆபத்து தாங்கத்தக்கது என்பதற்கான சான்று தனியாக வைக்கப்பட வேண்டும்.

சான்றுடன் காப்பு ஏற்பாடும் வேண்டும். பழைய திட்டத்தில் நான்காம் வாரத்திலும் பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் பொட்டாசியம் பார்க்கப்பட்டது என்றால், 30-க்கும் 45-க்கும் இடைப்பட்டவர்களுக்கு அது போதாது. அவர்களுக்குப் பாதி அளவில் தொடங்குவது, முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும், பிறகு சில மாதங்கள் மாதந்தோறும் இரத்தம் எடுப்பது, பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவது, 6.0-ஐத் தாண்டினால் நிறுத்துவது என்று எண்களோடு எழுத வேண்டும். தகுதியை மட்டும் தளர்த்திவிட்டுக் கண்காணிப்பை அப்படியே விட்டுவிடும் விண்ணப்பமே இவ்வகையில் நாங்கள் காணும் பெரிய குறை. ஒண்டாரியோவின் எண்கள் நினைவிருப்போருக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வருவது, எங்கள் பார்வையில், விண்ணப்பத்திலேயே முதன்மையான கேள்வி: இம்மாற்றத்தைக் கேட்கும்போது நீங்கள் எதை அறிந்திருந்தீர்கள்? வாக்கு எண்ணிக்கை நடக்கும்போதே, யார் முன்னிலை என்று பார்த்துவிட்டு வாக்காளர் பட்டியலைத் திருத்தினால் அந்த முடிவை யாரும் நம்பமாட்டார்கள். எந்தப் பிரிவினருக்கு மாத்திரை பயன் தருகிறது என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அத்தகையோரை அதிகம் சேர்க்கும்படி தகுதியை மாற்றினாலும் அப்படித்தான். ஆகவே, மாத்திரை பெற்றோர் யார், பெறாதோர் யார் என்பது மாற்றத்தை முன்மொழிந்த எவருக்கும் தெரியாது என்று ஆய்வுக் குழு எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தனர், மொத்தம் எத்தனை பேருக்குப் பொட்டாசியம் உயர்ந்தது என்ற அளவு மட்டும் தெரிந்திருக்கலாம். இரு தரப்பையும் பிரித்துப் பார்க்கும் உரிமை, ஆய்வு நடத்துவோரோடு தொடர்பற்ற தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவுக்கு மட்டுமே உரியது.

கணக்கியல் வல்லுநரின் குறிப்பும் இணைக்கப்படும். புதிய விதியின்படி சேர்வோர் மாத்திரைக்கும் மருந்தற்ற மாத்திரைக்கும் சமமாகப் பிரியும்படி பார்த்துக்கொள்வது, திருத்தத்துக்கு முன் சேர்ந்தோரையும் பின் சேர்ந்தோரையும் இறுதியில் தனித்தனியாகவும் காட்டுவது, 400 என்ற எண்ணிக்கை இன்னும் போதுமா என்று மீண்டும் கணக்கிடுவது ஆகியவை அதில் அடங்கும்.

குழுவில் அமர்ந்திருப்பவர்கள்

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். மருத்துவர்களோடு ஒரு சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளர் போன்ற ஒருவர், மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவர் ஆகியோர் இடம்பெற வேண்டும். ஒரு பெண் உறுப்பினரேனும் இருத்தல் வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருப்பர். தலைவரும் வெளியிலிருந்தே வருவார்.

பொதுமக்களின் சார்பில் அமர்பவர் கேட்கும் கேள்விகளே பல வேளைகளில் எங்களை அதிகம் சிந்திக்க வைக்கின்றன. மேற்சொன்ன விண்ணப்பத்தில் அவர் என்ன கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள். கூடுதலாக ஐந்து முறை இரத்தம் எடுக்க வர வேண்டும் என்றால், வெளியூரிலிருந்து வருபவரின் பேருந்துக் கட்டணத்தை யார் தருவார்கள்? அன்றைய கூலியை இழப்பவருக்கு என்ன வழி? பொட்டாசியம் உயர்ந்திருப்பது மாலையில் தெரியவந்தால், ஊருக்குத் திரும்பிவிட்ட நோயாளியை யார் தொலைபேசியில் அழைப்பார்கள்? இவற்றுக்கு விடை எழுதிய பிறகே விண்ணப்பம் முழுமை பெறுகிறது. குழு அப்படியே ஒப்புதல் தரலாம், மாற்றங்கள் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். புதிய மருந்து பற்றிய ஆய்வாயின் குழுவின் ஒப்புதலோடு மத்திய மருந்து உரிம அதிகாரியின் அனுமதியும் தேவை. ஒரே ஆய்வு பல மருத்துவமனைகளில் நடந்தால், ஓரிடத்தில் திருத்தம் நடைமுறைக்கு வந்து வேறிடத்தில் வராமல் இருக்கலாம். “அந்த ஊரில் சேர்த்துக்கொள்கிறார்களே” என்று கேட்போருக்கு இதுவே விளக்கம்.

விண்ணப்பம் நிலுவையில் உள்ள நாள்கள்

குடும்பத்தாருக்கு மிகவும் வலிக்கும் காலம் இது. தந்தையின் வடிகட்டும் திறன் 38. புதிய விதி வந்தால் சேரலாம். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, குழு அடுத்த மாதம்தான் கூடும். “எல்லாப் பொறுப்பையும் நாங்க ஏத்துக்கிறோம், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறோம். இப்பவே சேத்துக்கோங்க டாக்டர்” என்று மகள் கேட்கிறார். அந்தக் கையெழுத்தை நாங்கள் ஏற்க முடியாது.

காரணம் எளிது. அவர் கையெழுத்திடும் படிவம் பழைய விதிக்கு எழுதப்பட்டது. அதில் 38 உள்ளவருக்கான ஆபத்தும் கூடுதல் பரிசோதனைகளும் கூறப்படவில்லை. பாதி அளவில் தொடங்கும் ஏற்பாடும் இன்னும் நடைமுறையில் இல்லை. பொறுப்பேற்பதாகக் குடும்பம் சொன்னாலும், பொட்டாசியம் உயர்ந்தால் ஆபத்துக்குள்ளாவது தந்தையின் இதயம். ஒப்புதலுக்கு முன் அவ்வாறு ஒருவரைச் சேர்த்தால் அது திட்ட மீறல். குழுவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய குற்றம். அவருடைய தரவை இறுதிக் கணக்கில் எப்படிக் கொள்வது என்ற சிக்கலும் எழும். “இவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு” என்பதும் இதே மீறல்தான்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. பங்கேற்பாளருக்கு உடனடித் தீங்கு நேரும் என்று தெரிந்தால், அதை நீக்கத் தேவையான மாற்றத்தை அனுமதிக்குக் காத்திராமல் அப்போதே செய்து, பின்னர் உடனே குழுவுக்கு அறிவிக்க விதி இடமளிக்கிறது. அதாவது, பாதுகாப்புக்காகக் கதவை உடனே சாத்தலாம். திறப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். ஆய்வில் இல்லாத காலத்திலும் அந்தத் தந்தைக்கு இதயச் செயலிழப்புக்கான வழக்கமான சிகிச்சை முழுமையாகத் தொடரும். ஆய்வு மாத்திரை பயன் தருமா என்பதே இன்னும் விடை தெரியாத கேள்வி. அதுவும் சேர்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்தற்ற மாத்திரையே கிடைக்கும். ஒரு மாதக் காத்திருப்பில் உறுதியான நன்மை ஒன்று கைநழுவுகிறது என்று குடும்பத்தார் எண்ண வேண்டியதில்லை.

ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு என்ன?

தகுதி தளர்த்தப்படும்போது முன்பே சேர்ந்த 110 பேரின் ஆபத்து பொதுவாக மாறுவதில்லை. ஆயினும், திருத்தத்தோடு ஆபத்து பற்றிய புதிய செய்தியோ கூடுதல் பரிசோதனையோ வந்தால், அவர்களிடமும் புதிய தகவல் தாளை விளக்கி மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். மீண்டும் கையெழுத்துக் கேட்கும்போது சிலர் அஞ்சுகின்றனர். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று நினைக்கின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. ஏன் கேட்கிறோம் என்று எங்களிடமே கேளுங்கள்; விளக்கம் மனநிறைவு தராவிட்டால் கையெழுத்திட வேண்டாம். ஆய்விலிருந்து விலகினாலும் இம்மருத்துவமனையில் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையாது.

தகுதி இறுக்கப்படும்போதுதான் நிலைமை கடினம். பாதுகாப்புக் காரணத்துக்காக இறுக்கப்பட்டால், உள்ளே இருக்கும் சிலர் புதிய விதிப்படி வெளியே இருக்க வேண்டியவர்கள் ஆகிவிடுவர். அவர்களுக்கு ஆய்வு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்துவதா, அளவைக் குறைத்துத் தொடர்வதா என்பதை விண்ணப்பமே தெளிவாகச் சொல்ல வேண்டும். மாத்திரை நின்றாலும், அவர்கள் இசைந்தால், பரிசோதனைக்கு வருவது தொடரும். மருந்தை நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், மாத்திரையைத் தாங்கிக்கொண்டவர்கள் மட்டுமே எஞ்சி, அது உள்ளதைவிட நல்லதாகத் தோன்றிவிடும்.

உங்கள் கையிலுள்ள தாளில் பார்க்க வேண்டியவை சில. தகவல் தாளிலும் ஒப்புதல் படிவத்திலும் பக்கத்தின் மேலோ கீழோ பதிப்பு எண்ணும் நாளும் அச்சிடப்பட்டிருக்கும். திருத்தத்துக்குப் பின் சேர்பவரின் படிவத்தில் புதிய பதிப்பு எண்ணே இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தின் எண்ணும் ஆங்கிலப் படிவத்தின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்திடும் நாள், அப்பதிப்புக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த நாளுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஒப்புதல் நாளை ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் சொல்வார். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் இணையதளத்தில் ஆய்வின் பதிவெண்ணைக் கொண்டு அதன் தற்போதைய சேர்க்கைத் தகுதியை எவரும் படிக்கலாம். ஆய்வு நடத்தும் மருத்துவரிடம் கேட்கத் தயங்குவோர், படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ள நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணை நேரடியாக அழைக்கலாம்; அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை.